போன வழியே வந்த பணம்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருமா என்று எங்கள் சலவைப் பிரிவில் என்னைக் கேலி செய்வார்கள். வரும். கேட்க ஆள் இருந்தால் போதும், நான் நாள் முழுக்கச் சொல்வேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, உறவில் ஒருத்தர் விடாமல் மூக்கில் விரல் வைத்தார்கள். மாப்பிள்ளையைவிடப் பெண் உயரம். தோளும் கையும் அண்ணனைவிட ஒரு சுற்று பெரியவை. புகைப்படக்காரர் அண்ணனை ஒரு பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார். அண்ணன் அசட்டுச் சிரிப்போடு ஏறினார். அண்ணி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, இருக்கிறபடியே எடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அண்ணன் அண்ணியின் காது வரைக்கும்தான் வருகிறார். ஆனால் அந்தப் படத்தில் அவரைவிடச் சந்தோஷமாக ஒருவரும் இல்லை.

நானும் அண்ணியும் வேலை செய்வது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில். கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வார்டுகளிலிருந்து வருகிற விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி எல்லாம் தள்ளுவண்டியில் அங்கே வந்து சேரும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சலவை இயந்திரங்கள். இன்னொரு பக்கம் சூடான பெரிய உருளை. ஈர விரிப்பை ஒரு முனையில் இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக் கொடுத்தால், மறுமுனையில் சுருக்கமில்லாமல் காய்ந்து வெளியே வரும். நான் உருளையில். அண்ணி இயந்திரத்திலிருந்து ஈரத் துணியை இழுத்து வண்டியில் போடுகிற இடத்தில். நனைந்த போர்வைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதை உருவி எடுப்பதற்குள் மற்றவர்களுக்கு முதுகு ஒடிந்துவிடும். அண்ணி ஒரு காலை இயந்திரத்தின் அடியில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்ப்பாள். மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அதைத்தான் ஒருநாள் மாஸ்டர் பார்த்தார். மாஸ்டர் என்றால் எங்கள் மருத்துவமனையின் காவலர்களுக்குத் தலைவர். அந்தக் காலத்தில் ராணுவத்தில் கயிறு இழுக்கும் அணியில் இருந்தவர். தொலைந்த சாவி ஒன்றைத் தேடிக்கொண்டு கீழே வந்தவர், சாவியை மறந்துவிட்டு அண்ணி துணி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு தடித்த கயிற்றைக் கொண்டுவந்து, வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலிருந்த புல்தரையில் போட்டார். சலவைப் பெண்கள் கயிறு இழுக்கும் அணி அப்படித்தான் பிறந்தது. இழுக்க எட்டுப் பேர், மாற்றாக ஒருத்தி, பயிற்சிக்கு மாஸ்டர். நான் ஐந்தாவது. அண்ணி கடைசி. கயிற்றை அக்குளுக்குக் கீழே வாங்கி, முதுகைச் சுற்றி, மறுதோளின்மேல் போட்டுக்கொண்டு கடைசியில் நிற்கிறவருக்கு இந்த ஆட்டத்தில் நங்கூரம் என்று பெயர். ஒரு மாதத்தில் மருத்துவமனை முழுக்க அண்ணியின் பெயரே நங்கூரம் ஆகிவிட்டது. பெரிய டாக்டர்கூட, நங்கூரம் எப்படி இருக்கீங்க என்றுதான் கேட்பார்.

இரண்டு வருடம் பக்கத்து ஆலைகளோடும் அலுவலகங்களோடும் இழுத்தோம். மூன்றாம் வருடம், வேலைக்குப் போகும் பெண்களுக்கான பெரிய போட்டிக்கு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒரு ராத்திரிப் பயணம் தள்ளியிருந்த நகரத்தில் நடப்பது. போட்டி நடத்துகிறவர்கள் தங்க இடம் தருவார்கள், போகிற வருகிற செலவு நம்முடையது. பத்துப் பேருக்குப் பேருந்துச் சீட்டு. ஆளுக்கு ஒரு பங்கு என்று எல்லாரும் அண்ணியின் கையில் பணமாகக் கொடுத்தார்கள். அண்ணி அதைத் தன் சம்பளக் கணக்கில் போட்டு, தன் வங்கி அட்டையால், கைப்பேசியில் பயணச் சீட்டு விற்கும் ஒரு செயலியில் போகவும் வரவும் சேர்த்து வாங்கினாள்.

அதற்குப் பிறகு அண்ணியின் வங்கி அட்டைக்கு ஒரு விபத்து நடந்தது. சீருடைப் பையில் அட்டையை மறந்து வைத்துவிட்டாள். சீருடை துவைக்கப் போய், சுழன்று, கடைசியில் என்னிடமே வந்து, நானே அதை உருளையில் விட்டேன். அட்டை சுருண்ட இலை மாதிரி வெளியே வந்தது. வங்கியில் பழைய அட்டையை முடக்கிவிட்டு, வேறு எண்ணோடு புது அட்டை கொடுத்தார்கள். அண்ணியின் அட்டையை நாத்தனாரே இஸ்திரி போட்டுக் கொன்றாள் என்று இரண்டு நாள் எல்லாரும் சிரித்தோம்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது புயல் வந்தது. அந்த நகரத்தில் மைதானமெல்லாம் தண்ணீர். போட்டி தள்ளிவைக்கப்பட்டது, புதுத் தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்று மாஸ்டருக்குச் செய்தி வந்தது. உடனே சீட்டை ரத்து செய்துவிடலாம் என்றாள் பட்டாசு. அவள் எங்கள் அணியில் முதலாவதாக நிற்பவள். துணி மடிக்கிற மேசையில் வேலை. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். அண்ணி வேண்டாம் என்றாள். நாமாக ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள், சாலை இப்படி இருக்கும்போது பேருந்துக்காரனே ரத்து செய்வான், அப்போது முழுப்பணமும் தரவேண்டும், பொறுத்துப் பார்ப்போம் என்றாள். மறுநாளே அப்படி நடந்தது. வழியில் பாலத்தை மூடிவிட்டதால் அடுத்த இரண்டு வாரப் பயணங்கள் எல்லாமே ரத்து என்று நிறுவனமே சொல்லிவிட்டது. முழுப்பணமும் திரும்ப உண்டு. பட்டாசு அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

செயலியில் ஒரு கேள்வி வந்து நின்றது. பணத்தை எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள்? முதலாவது வழி, அந்தச் செயலிக்குள்ளேயே நம் பெயரில் பணம் வைக்கும் வாலட்டில். இப்போதே வந்துவிடும், நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலும் உண்டு. இரண்டாவது வழி, பணம் எந்த வழியாகக் கட்டப்பட்டதோ அதே வழியாகத் திரும்பும். ஏழு வேலை நாள்வரை ஆகும், கூடுதல் எதுவும் கிடையாது. முதலாவதில் பச்சை நிறத்தில் ஏற்கெனவே குறி போட்டு வைத்திருந்தார்கள். உறுதி செய் என்ற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் மடிப்பு மேசையைச் சுற்றி நின்றோம். வாலட் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். நானும் அதில் ஒருத்தி. போட்டி நடக்கத்தான் போகிறது, நாம் போகத்தான் போகிறோம், அதே பேருந்தில்தான் போகப்போகிறோம். பணத்தை வங்கிக்கு வரவழைத்து, மறுபடி அங்கேயே கொண்டுபோய்க் கட்டுவதற்கு, கூடுதலோடு அங்கேயே இருக்கட்டுமே. பட்டாசு இன்னொரு குண்டையும் போட்டாள். கட்டின அட்டையே உருளையில் செத்துவிட்டது, செத்த அட்டைக்கு அனுப்பினால் பணம் எங்கே போய்ச் சேரும் என்றாள். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

அண்ணி அவசரப்படவில்லை. அண்ணி வாலட்டே வேண்டாம் என்கிற ஆளும் இல்லை. வீட்டுக்கு வாராவாரம் மளிகை வாங்குகிற செயலியில் ஏதாவது சாமான் இல்லை என்று ரத்தானால், அந்தப் பணத்தை அவள் வாலட்டில்தான் வாங்குவாள். அடுத்த வாரமே அது செலவாகிவிடும், நாலு காசுக்காக வங்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பாள். ஆனால் இந்தப் பணத்துக்கு அவள் குறியைத் தொடாமலேயே கைப்பேசியை மூடி வைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முதலில் வங்கிக்குப் பேசினாள். அட்டை மாறினாலும் கணக்கு அதேதானே, பழைய அட்டைக்கு வரும் பணம் என்ன ஆகும் என்று கேட்டாள். கணக்கு உயிரோடு இருந்தால் அந்தக் கணக்குக்கே வந்துவிடும், சில சமயம் கொஞ்சம் தாமதமாகலாம் என்றார்கள். பிறகு செயலிக்காரர்களின் உதவி எண்ணை அழைத்தாள். ஒரு இளைஞன் குரல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், நீங்க வாலட்டே எடுத்துக்கோங்க. உடனே வந்துரும், போனஸும் இருக்கு."

"சரி தம்பி. வாலட்டுல வாங்கிட்டு, அப்புறம் காசா வேணும்னா என் பேங்குக்கு மாத்திக்கலாமா?"

"இல்ல மேடம். வாலட்டுக்குப் போயிட்டா திரும்ப பேங்குக்கு மாத்த முடியாது. டிக்கெட் மட்டும்தான் வாங்கலாம்."

"அது எவ்வளவு நாள் இருக்கும்?"

"உங்க பணம் ஒரு வருஷம். போனஸ் மட்டும் முப்பது நாள் மேடம்."

"போனஸை மொத்தமா ஒரே டிக்கெட்டுல கழிச்சுக்கலாமா?"

ஒரு டிக்கெட் விலையில் கால் பங்குக்கு மேல் போனஸைக் கழிக்க முடியாது என்றான். அண்ணி கடைசியாக ஒன்று கேட்டாள். வாலட்டில் இருக்கும் பணத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்து, அவரவர் எண்ணுக்கு அனுப்ப முடியுமா? முடியாது, எந்தக் கைப்பேசி எண்ணில் சீட்டு வாங்கினீர்களோ அந்த ஒரு எண்ணின் வாலட்டில்தான் இருக்கும் என்றான். அண்ணி அவனுக்கு நன்றி சொன்னாள். கேட்டதுக்கெல்லாம் மறைக்காம சொன்னீங்க தம்பி, நல்லா இருங்க என்று வாழ்த்தினாள். அவனுக்கே குரல் மாறிவிட்டது. உங்க வசதிப்படி செய்யுங்க மேடம், ரெண்டுமே உங்க உரிமைதான் என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் மடிப்பு மேசையில் அண்ணி தன் முடிவைச் சொன்னாள். வங்கிக்கே வரட்டும்.

பட்டாசு விடவில்லை. "அக்கா, நூத்துக்குப் பத்து சும்மா வருது. அதை வேணாம்னு சொல்ல நமக்கென்ன கிறுக்கா?"

"எனக்கு மட்டும் சொந்தமான காசா இருந்தா நானும் வாங்கிப்பேன்" என்றாள் அண்ணி. "இது உங்க காசு. நீங்க என் கையில பணமா குடுத்தீங்க. கேட்டா பணமா திருப்பிக் குடுக்கணும். வாலட்டுல போட்டுட்டா நீங்க கேக்கும்போது என்னால என் போனைத்தான் காட்ட முடியும்."

யார் இப்போது கேட்கப் போகிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது மூன்றாவதாக நிற்கிறவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். நான் கேட்கலாம்னு இருக்கேன் அக்கா என்றாள். அவள் கர்ப்பமாக இருந்தாள். இரண்டு நாளைக்கு முன்புதான் உறுதியாகியிருந்தது. போட்டி எப்போது நடந்தாலும் அவளால் இழுக்க முடியாது. வாலட்டில் மாட்டிக்கொண்ட பணம் அவளுக்கு எந்த ஊருக்கும் சீட்டு ஆகாது. அவ்வளவு நேரம் அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம், எல்லாரும் வாலட் என்னும்போது தான் ஒருத்தி குறுக்கே நிற்பதா என்ற கூச்சம். அவளைக் கட்டிக்கொண்டு எல்லாரும் கும்மாளம் போட்டோம். அது அடங்கியதும் அண்ணி எல்லாருக்கும் முன்னால் பச்சைக் குறியை எடுத்துவிட்டு, இரண்டாவதில் போட்டு, பொத்தானை அமுக்கினாள்.

ஏழு வேலை நாளும் போயிற்று. பணம் வரவில்லை.

செயலியில் பார்த்தால், பணம் அனுப்பப்பட்டுவிட்டது என்று இருக்கிறது. வங்கிக் கணக்கில் பார்த்தால் ஒன்றும் இல்லை. நான் உருளையிலிருந்து தலையை நிமிர்த்தும்போதெல்லாம், வந்துச்சா என்று ஒரு கண் என்னைக் கேட்கும். இரவு வேலைக்காரர்கள் பக்கம் கதை வேறு மாதிரி ஓடியது. நங்கூரம் பணத்தை எடுத்து வீட்டுக்குச் செலவு செய்துவிட்டாளாம், வங்கி மேல் பழி போடுகிறாளாம். அதைக் கேட்டு வந்து நான் வீட்டில் கொதித்தேன். அண்ணன் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறவர். யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர். அவர் தன் சேமிப்பை எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், உன் பேர் கெடக்கூடாது என்றார்.

அண்ணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப நம்ம காசை எடுத்துக் குடுத்தா, நான் செலவு பண்ணிட்டுத்தான் கட்டுறேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். போன காசு வரணும். அதையே குடுக்கணும்."

மூன்றாவதாக நின்றவளுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்தாள். டாக்டரிடம் போகவேண்டிய நேரம் அவளுக்கு. அதனால் மடிப்பு மேசையில் எல்லார் கண் முன்னாலும், இது என் சொந்தக் காசு, உன் பங்குக்கு முன்பணம், வங்கியில் வந்ததும் உன் பங்கை நான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிக் கொடுத்தாள். மறைவில் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

பிறகு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். நானும் போனேன். அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பழைய அட்டை எண்ணைப் போட்டுத் தேடினார், அகப்படவில்லை. அட்டைக்குத் திரும்பும் ஒவ்வொரு தொகைக்கும் நீளமாக ஒரு குறிப்பு எண் இருக்கும், அது செயலி நிறுவனத்திடம் இருக்கும், அதை வாங்கி வந்தால் இங்கே எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். அண்ணி வங்கி வாசலிலேயே நின்று உதவி எண்ணை அழைத்தாள். இந்த முறை வேறு ஒரு பெண். பணம் அனுப்பியாச்சு மேடம் என்ற பல்லவியையே அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. அனுப்பியாச்சுன்னு நம்புறேன்மா, அனுப்பினதுக்கு ஒரு குறிப்பு எண் இருக்குமே, அதை மட்டும் குடுங்க என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கயிற்றைப் பிடித்தால் எப்படி ஒரு விரல் நகராமல் நிற்பாளோ, அப்படி. கடைசியில் எண் குறுஞ்செய்தியில் வந்தது.

திரும்ப உள்ளே போனோம். அலுவலர் அந்த எண்ணைப் போட்டதும், இதோ இருக்கு என்று சிரித்தார். அட்டை முடக்கப்பட்டிருந்ததால் தொகை கணக்குக்கு ஏறாமல் நடுவில் நின்றிருந்தது. பழைய அட்டைக்கும் அண்ணியின் கணக்குக்கும் உள்ள தொடர்பைச் சரிபார்த்து எழுதி அனுப்பினார். மறுநாள் மதியம், நான் விரிப்பை உருளையில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அண்ணி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு காசு குறையாமல் வந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பணத்தை எடுத்து வந்து, மடிப்பு மேசையில் ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். மூன்றாவதாக நின்றவளின் பங்கை எல்லாரும் பார்க்கத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மாஸ்டர் தன் பங்கை வாங்கும்போது, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று வாங்கினார். அவருக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் அண்ணி சொன்னதுதான் சரி, மற்றவர்கள் சொன்னது தப்பு என்று நானும் கையைத் தட்டியிருப்பேன். ஆனால் நடந்தது அப்படி இல்லை. பணம் கைக்கு வந்த அடுத்த நாளே போட்டியின் புதுத் தேதி வந்தது. அதே நகரம். இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும், உடனே சீட்டு வாங்கியாக வேண்டும். வாலட்டில் வாங்கியிருந்தால் போனஸ் காலாவதியாவதற்கு முன்பே செலவழிந்திருக்கும். கால் பங்கு வரம்பும் குறுக்கே வந்திருக்காது. நூற்றுக்குப் பத்து மிச்சமாகியிருக்கும்.

பட்டாசு அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று நான் பயந்தேன். அதற்கு முன்பே அண்ணி அவளிடம் போனாள்.

"இந்தக் கணக்குல நீ சொன்னதுதான் லாபம்" என்றாள். "நான் விட்டுட்டேன்."

பட்டாசு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பங்குப் பணத்தை, அண்ணி கொடுத்தபடியே மடிப்புக் கலையாமல், எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்களே வாங்குங்க அக்கா. உங்க கையில குடுத்தா திரும்ப வரும்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அணியில் எல்லாரும் மறுபடி கொடுத்தார்கள், அது சரி. மறுநாள் கொதிகலன் அறையிலிருந்து இயந்திரம் பார்க்கிறவர் வந்தார். முன்பு ஒருதரம் அணிக்கு உதவி கேட்டபோது, பொம்பளைங்க கயிறு இழுக்க நான் ஏன் காசு தரணும் என்று சொன்ன ஆள். இந்த முறை யாரும் கேட்காமலேயே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பேர் எல்லாம் வேண்டாம் என்று போனார். சமையலறையிலிருந்து வந்தது. வார்டு உதவியாளர்களிடமிருந்து வந்தது. அண்ணி செலவு செய்துவிட்டாள் என்று கதை கட்டிய இரவு வேலைக்காரர்கள் எல்லாருமாகச் சேர்த்து ஒரு உறையில் போட்டு, உறைமேல் ஒன்றும் எழுதாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். வந்ததைக் கூட்டிப் பார்த்தால், வாலட் தருவதாகச் சொன்ன கூடுதல் எந்த மூலைக்கு? ஒன்பது சீட்டும் வாங்கி, எட்டுப் பேருக்கும் பிடிமானமுள்ள காலணியும் வாங்கி, இன்னும் மீதி இருந்தது. மீதியைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தருகிறேன் என்று அண்ணி அறிவித்தாள். ஒருவரும் வாங்க வரவில்லை. மூன்றாவதாக நின்றவளின் பிள்ளைக்குப் போர்வை வாங்கலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாள் முழுக்கப் போர்வையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்.

சீட்டு எங்கே வாங்கினாள் என்று கேட்கிறீர்களா? அதே செயலியில்தான். விலை அங்கேதான் குறைவாக இருந்தது. அவர்கள்மேல் எனக்கென்ன கோபம், கேட்டபோது பணத்தைக் கொடுத்துவிட்டார்களே என்றாள்.

மூன்றாவது இடத்துக்கு மாற்றாக இருந்தவளே ஏறினாள். அவள் சின்ன உடம்பு. எட்டுப் பேரின் மொத்த எடை, போட்டியில் அனுமதித்த உச்ச வரம்புக்கு எவ்வளவோ கீழே நின்றது. எடை போட்டவர் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. முதல் சுற்றில் ஒரு மின்நிலையப் பெண்கள் அணி. இரண்டு இழுப்பிலேயே முடித்தோம். அரையிறுதியில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற பெண்கள். அவர்கள் கை ஒவ்வொன்றும் எங்கள் கை இரண்டு பருமன். முதல் இழுப்பு அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு.

மூன்றாவது இழுப்பில் நடுவர் கையை இறக்கியதும் அவர்கள் ஒரே உலுக்கில் எங்களை ஒரு அடி இழுத்துவிட்டார்கள். என் காலுக்குக் கீழே புல் பிய்ந்தது. முன்னால் பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அப்போது கயிறு நின்றது. எங்கள் ஏழு பேராலும் அல்ல. பின்னாலிருந்து நின்றது, சுவரில் கட்டியதுபோல. அண்ணி ஒரு சத்தம்கூடப் போடவில்லை. மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து, இருங்கம்மா, இருங்க, அவங்க மூச்சு வாங்கட்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு தோள் தளர்ந்ததைக் கயிற்றிலேயே உணர்ந்தேன். மாஸ்டர், இப்ப என்றார். எட்டுப் பேரும் ஒரே உடம்பாகப் பின்னால் சாய்ந்தோம். கயிறு வரத் தொடங்கியதும் நிற்கவே இல்லை.

இறுதிப் போட்டியில் தோற்றோம். நடப்பு வெற்றியாளர்கள் அவர்கள், எங்களைவிட நல்ல அணி, அதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டாம் இடம். பதக்கம் போட வந்த அம்மாள் அண்ணியின் கழுத்துக்கு எட்டக் கையை உயர்த்த வேண்டியிருந்தது. அண்ணி குனிந்து கொடுத்தாள்.

பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். துறைமுக அணியில் முன்னால் நின்ற பெண் அங்கே வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம், கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பதக்கத்தை மாஸ்டர் கழுத்தில் மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த உயரமான பெண்ணைக் கண்ணால் காட்டினாள்.

"கடைசியில நின்னாங்களே, அவங்க யாரு?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"எங்க அண்ணி" என்றேன்.